ஏழில் ஐந்து: சிறிய கேள்விக்கு வந்த பெரிய சீட்டுகள்

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை பிற்பகல். மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அந்தப் பெண் கேட்ட கேள்வி ஒரே வரி: "அக்கா, அவர் இந்த வாரத்துக்குள் பேசுவாரா?"

கேட்பவர் சொல்லும் கேள்வியை அவர் வாயிலிருந்து வந்தபடியே நோட்டில் எழுதிக்கொள்வது என் வழக்கம். அன்றும் எழுதினேன். பிறகு டாரட் என்ற குறிபார்க்கும் சீட்டுக் கட்டிலிருந்து ஏழு சீட்டு விழுந்தது. அதில் ஐந்து, மேஜர் அர்கானா எனப்படும் பெரிய படச்சீட்டுகள். காதல் கேள்விக்கு இப்படி விழும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, நான் எங்கே தவறினேன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஊர், தொழில், தொகை ஆகியவற்றைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது இருபத்தொன்பது. மாசி வீதிகளில் ஒன்றில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். நான்கு வருடமாக ஒருவரை விரும்புகிறார். அவர் வேலைக்காகக் கோயம்புத்தூர் போய் எட்டு மாதம் ஆகிறது. பதினொரு நாளாகப் போன் இல்லை; செய்திக்குப் பதிலும் ஒற்றைச் சொல்லில்தான் வருகிறது. இவ்வளவுதான் அவர் சொன்னது. கூடவே, எழுந்து போகும்போது சொல்வதுபோல் இன்னொன்றையும் சொன்னார். போன வாரம் உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார். வெள்ளைப் பூ வந்தால் பேசுவார், சிவப்பு வந்தால் பேச மாட்டார் என்று மனதில் வைத்திருந்தார். வெள்ளை வந்தது.

அந்த இடத்திலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பூக்கட்டிப் பார்ப்பது ஆமா இல்லையா என்ற கேள்விக்கென்றே அமைந்த முறை. அதில் ஆமாம் என்று வந்த பிறகும் அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறார் என்றால், அவர் மனதில் இருப்பது அந்தக் கேள்வி அல்ல. ஆனால் அன்று அதை நான் கவனிக்கவில்லை. சீட்டு விழுந்த பிறகுதான் உறைத்தது.

டாரட் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டில் 78 சீட்டுகள். அதில் 56 மைனர் அர்கானா. கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு இனம், ஒவ்வொன்றிலும் பதினான்கு. மீதி 22 மேஜர் அர்கானா: முட்டாளில் தொடங்கி உலகத்தில் முடியும் படச்சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இது விளையாட்டுச் சீட்டாக இருந்தபோது இந்தப் படங்கள்தான் துருப்பு. குறி பார்க்கும் வழக்கம் ஏறக்குறைய முந்நூறு வருடம் கழித்துத்தான் ஒட்டிக்கொண்டது. நான் வைத்திருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டின் மறுபதிப்பு. படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. கைநிறையத் துருப்பு வந்தால் சீட்டாடுபவருக்கு மகிழ்ச்சி. டாரட்டில் எனக்கு அது கவலை. மைனர் சீட்டு அன்றாடத்தைப் பேசும்: ஒரு போன், ஒரு சண்டை, ஒரு சம்பளம். மேஜர் சீட்டு பேசுவது ஒருவரின் வாழ்க்கை திரும்பும் இடத்தை. அதில் கேட்பவரின் கை எட்டும் பகுதி குறைவு என்பது பரம்பரையாகச் சொல்லப்படுவது.

நான் பரப்பும் ஏழு இடங்களும் அன்று அவற்றில் விழுந்த சீட்டுகளும் இவை. தலைகீழ்ச் சீட்டுகளை நான் வாசிப்பதில்லை; எல்லாவற்றையும் நேராகவே வைக்கிறேன்.

1. கேட்பவரின் நிலை: தொங்கும் மனிதன் (12)
2. மற்றவரின் நிலை: நாணயம் இரண்டு
3. இருவருக்கும் நடுவே இருப்பது: நீதி (11)
4. வெளியிலிருந்து வரும் அழுத்தம்: பேரரசர் (4)
5. பார்க்க மறுப்பது: நிலவு (18)
6. கேட்பவரால் செய்யக்கூடியது: நாணயம் ஆறு
7. போகும் திசை: தீர்ப்பு (20)

ஐந்து மேஜர் என்பது உண்மையிலேயே அதிகமா? கட்டில் மேஜரின் பங்கு 28 விழுக்காடு. ஏழு சீட்டு எடுத்தால் சராசரியாக இரண்டு வர வேண்டும். மூன்று வந்தால் பேச ஒன்றுமில்லை. நான்கும் அதற்கு மேலும் பதினொரு முறைக்கு ஒரு முறை வரும். ஐந்தும் அதற்கு மேலும் ஏறக்குறைய அறுபது முறைக்கு ஒரு முறை. வாரத்துக்கு ஐந்தாறு பேருக்குப் பரப்புகிற எனக்கு, யாருடைய விதியும் குறுக்கிடாமலே, வெறும் தற்செயலால் மூன்று மாதத்துக்குள் ஒரு முறை இது வந்துவிடும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் 'ஐந்து மேஜர்!' என்று கண்ணை விரிப்பவர்கள் கேட்பவரைப் பயமுறுத்தத்தான் செய்வார்கள். அபூர்வம்தான், அற்புதமில்லை. என்னளவில் ஏழில் ஐந்து என்பது நின்று பார்க்க வேண்டிய எல்லை. நான்கு வந்தால் வழக்கம்போல் வாசித்துவிடுவேன்.

நின்றதும் முதலில் பார்க்க வேண்டியது கட்டை. கேட்டவரைப் பார்ப்பது அதற்கு அப்புறம். இதை நான் கற்றது ஓர் அவமானத்தில்.

பல வருடங்களுக்கு முன் புதுக் கட்டு ஒன்றை உறை பிரித்த அன்றே ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பரப்பினேன். ஏழில் ஆறு மேஜர். காதலர்கள், ரதம், வலிமை, துறவி என்று வரிசையாக வந்தன. எனக்குப் புல்லரித்துவிட்டது. முன்ஜென்மத் தொடர்பு, விட்டு விலக முடியாத பந்தம் என்றெல்லாம் சொன்னேன். அவரும் அழுதார். இரவு கட்டை எடுத்து வைக்கும்போது எண்களைப் பார்த்தேன்: 6, 7, 8, 9. புதுக் கட்டில் பெரும்பாலும் மேஜர் இருபத்திரண்டும் எண் வரிசையில் ஒன்றாகவே அடுக்கப்பட்டிருக்கும். நான் கையில் வைத்து நாலைந்து முறை வெட்டிப் போட்டதில் அந்த அடுக்கு கலையவே இல்லை. அச்சகத்தார் அடுக்கிய வரிசையைத்தான் நான் பந்தம் என்று வாசித்திருக்கிறேன். அந்தப் பெண் அந்தப் பந்தத்தை நம்பி எத்தனை நாள் காத்திருந்தாரோ! மறுபடி அவரைப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

சாதாரண 52 சீட்டுக் கட்டை, இரண்டு பாதியாகப் பிரித்து விளிம்போடு விளிம்பு சேர்த்து உதிர்க்கும் முறையில் ஏழு தடவை கலைத்தால்தான் ஓரளவு நன்றாகக் கலையும் என்று 1992இல் பேயர், டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் காட்டினார்கள். 78 சீட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு கூட வேண்டும். நம்மில் பலர் செய்வதுபோல் கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளுவது மிக மெதுவாகத்தான் கலைக்கும். பல தடவை செய்தாலும் பக்கத்தில் இருந்தவை சில பக்கத்திலேயே இருக்கும். பெரிய சீட்டு, சிறிய கை என்பவர்கள் பாயில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் மாவு பிசைவதுபோல் ஒரு நிமிடம் துழாவுவது நல்லது. நான் இப்போது செய்வது அதுதான்.

அன்றைய பரப்பில் 11, 12 என்ற அடுத்தடுத்த எண்கள் ஒரே ஒரு சீட்டு இடைவெளியில் இருந்தது என்னை உறுத்தியது. மூன்று நாள் முன்பு ஒரு சீட்டைக் காணோம் என்று கட்டை இனம் பிரித்து எண்ணியிருந்தேன். ஆகவே அவரை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மீதமிருந்த 71 சீட்டையும் விசிறிபோல் விரித்துப் பார்த்தேன். கலையாத கட்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: கோப்பை ஐந்து, ஆறு, ஏழு என்று வால் வாலாக ஓடும், மேஜர்கள் ஒரே இடத்தில் மொய்த்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. மிச்சமிருந்த பதினேழு மேஜரும் கட்டு முழுக்கச் சிதறிக் கிடந்தன. கட்டின் மேல் பழி போட வழியில்லை என்று ஆன பிறகுதான் வாசிக்க உட்கார்ந்தேன்.

கட்டு சரி என்று ஆனதும் வாசிப்பவர்கள் விழும் அடுத்த குழி, ஒவ்வொரு மேஜரையும் தனித்தனியே பெரிதாகப் பேசுவது. தொங்கும் மனிதனா, தியாகம். நிலவா, ஏமாற்று. தீர்ப்பா, விதியின் அழைப்பு. ஐந்து பெரிய சொற்களைத் தொடர்ந்து சொன்னால் எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் தன் கதையை அதில் பொருத்திக்கொள்வார். பெரிய சொல்லுக்குப் பெரிய சட்டையைப்போல் எந்த உடம்பும் பொருந்தும். அது வாசிப்பு ஆகாது. காதல் பரப்பில் இந்தத் தவறு இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் கேட்பவர் 'விதி' என்ற சொல்லுக்காகவே காத்திருப்பார். விதி என்று சொல்லிவிட்டால் போன் எடுக்காதவருக்காக இன்னும் ஒரு வருடம் காத்திருக்க அனுமதி கிடைத்துவிடும்.

ஆகவே நான் பெரிய சீட்டுகளை விட்டுவிட்டுச் சிறியவை எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தேன். மேஜர் மிகுந்த பரப்பில் எனக்கு வழிகாட்டுவது இதுதான். ஏழில் ஐந்து மேஜர் என்றால் மீதி இரண்டும் எந்த இடத்தில் இருக்கின்றன என்பது செய்தி.

முதல் மைனர், கோயம்புத்தூர்க்காரரின் இடத்தில். நாணயம் இரண்டு: ஓர் இளைஞன் இரண்டு காசுகளைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடுகிறான், பின்னால் அலையில் கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் சமாளிக்கிறவனின் சீட்டு. அதில் துரோகமும் இல்லை, காவியமும் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு, கேட்ட அளவிலேயே ஒரு பதில் அங்கே இருந்தது: ஆள் திணறிக்கொண்டிருக்கிறார், கை ஒழிந்தால் பேசுவார். அதாவது அந்தப் பக்கம் பாரம் இல்லை. மேஜர்கள் எல்லாம் விழுந்திருப்பது இவருடைய பக்கத்தில்: இவர் நிலை, நடுவில் இருப்பது, இவரை அழுத்துவது, இவர் பார்க்காதது, இவர் போகிற திசை.

இரண்டாவது மைனரும் நாணயம். ஆறு. கையில் தராசு பிடித்த ஒரு செல்வந்தர், மண்டியிட்ட இருவருக்குக் காசு போடுகிறார். கொடுப்பவர், வாங்குபவர் என்ற சீட்டு. நடு இடத்தில் இருக்கும் நீதியின் கையிலும் தராசு. ஒரே பரப்பில் இரண்டு தராசு. காதலுக்கென்று பரப்பிய ஏழு சீட்டில் கோப்பை ஒன்றுகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். உணர்ச்சியும் உறவும் கோப்பை இனத்தின் வேலை. கோப்பை இல்லை, காதலர்கள் சீட்டும் இல்லை. இருப்பது காசு, தராசு, சிம்மாசனத்தில் ஒரு பெரியவர்.

இன்னொன்றும் உண்டு. அவர் கேள்வியில் 'இந்த வாரம்' என்று ஒரு காலம் இருந்தது. கோல் என்றால் நாள்கள், கோப்பை என்றால் வாரங்கள் என்று மைனர் இனங்களை வைத்துக் காலம் சொல்லும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஆளுக்கு ஆள் அது மாறும். மேஜருக்கு அப்படி ஓர் அளவுகோலை நான் வைத்துக்கொள்வதில்லை. ஒரு வாரத்துக்குள் முடிகிற விஷயத்தைக் கேட்டவருக்கு, வாரக்கணக்கே பேசாத ஐந்து சீட்டு. கேட்டதும் வந்ததும் எடையில் ஒத்துப்போகவில்லை.

இந்த இடத்தில் வாசிப்பவர் தன் கற்பனையை அவிழ்த்துவிடக் கூடாது. பேரரசர் என்றால் அப்பாவாக இருக்கலாம், முதலாளியாக இருக்கலாம், அந்த ஆணின் தகப்பனாராக இருக்கலாம். சீட்டுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. 'உங்கள் அப்பா எதிர்க்கிறார், இல்லையா' என்று எறிந்து பார்ப்பது தெருக்குறிக்காரர் வேலை. நான் கேட்டது இவ்வளவுதான்:

"இந்த விஷயத்தில் கோயம்புத்தூர்க்காரரைத் தவிர வேறு யாருக்காவது நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதா?"

இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் பேரரசரை ஓரமாக வைத்துவிட்டு, போன் பற்றி மட்டும் பேசி அனுப்பியிருப்பேன். எடை பற்றிய ஊகம் தவறாகவும் இருக்கலாம். அறுபதில் ஒன்று தற்செயல் என்று மேலே சொன்னது அதற்காகத்தான்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "தை பிறந்ததும் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், அக்கா" என்றார்.

அப்பா இறந்து ஆறு வருடம். அம்மாவின் தம்பி, தாய்மாமன், அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறார். தம்பியின் படிப்புக் கட்டணம், அம்மாவின் அறுவைச் சிகிச்சை, ஒரு வருட வீட்டு வாடகை. யாரும் கேட்டு அவர் கொடுக்கவில்லை. அவரே வந்து வைத்துவிட்டுப் போனார். அவருக்கு ஒரு மகன், முறை மாப்பிள்ளை. நல்ல பையன்தான். ஐப்பசியில் மாமா வீட்டுக்கு வந்து, தையில் பேசி முடித்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மா மகளிடம் எதுவும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததுதான் தாங்க முடியவில்லை என்றார் அவர்.

நம் பக்கத்தில் தாய்மாமன் என்ற சொல்லின் கனம் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவர், சீர் சுமந்து வந்தவர், அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக நின்றவர். அவர் கேட்டு மறுப்பது ஒரு வரனை மறுப்பதாகாது.

"கோயம்புத்தூர்க்காரர் பேசினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"பேசினால் மாமாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். பேசாவிட்டால்..." என்று நிறுத்திக்கொண்டார்.

பேசாவிட்டால் முடிவெடுக்கத் தேவையிருக்காது. நிலவு விழுந்த ஐந்தாம் இடம் அதுதான்: பார்க்க மறுப்பது. அவர் போனுக்காகக் காத்திருந்தாரா, போன் வராமலிருக்கக் காத்திருந்தாரா என்பது அவருக்கே தெரியவில்லை. ஒரு காலில் தொங்கும் மனிதனின் முகத்தில் வலி இல்லாதது எதனால் என்று என்னிடம் படிக்க வருபவர்கள் கேட்பதுண்டு. தொங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் எந்தப் பக்கமும் நடக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதி அது.

இப்போது அவர் கேள்வியின் எடை தெரிந்தது. போன் வருமா என்ற நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தது ஒரு வீட்டின் நன்றிக்கடன்.

இந்த நேரத்தில் பலர் ஒவ்வொரு மேஜருக்கும் பக்கத்தில் ஒரு விளக்கச் சீட்டு எடுத்து வைப்பார்கள். நான் செய்வதில்லை. ஐந்து மேஜருக்கு ஐந்து விளக்கச் சீட்டு வைத்தால் பன்னிரண்டு சீட்டு ஆகிவிடும். அதில் இன்னும் ஒன்றிரண்டு மேஜர் வந்து உட்காரும். கடைசியில் யாருக்குப் பிடித்ததோ அதை வாசிப்போம். மறுபடி கலைத்துப் பரப்புவதும் அப்படித்தான். பிடிக்காத பதிலுக்குப் பின் பரப்பும் இரண்டாவது பரப்பு, வாசிப்பவரின் கோழைத்தனம்.

நான் செய்வது வேறு. அவர் கேள்வியை மாற்றி எழுதச் சொன்னேன். மூன்று முறை அடித்து எழுதினார். கடைசியில் நின்றது: "மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது?" பிறகு கட்டிலிருந்து 22 மேஜரையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, 56 மைனரை மட்டும் பாயில் கலைத்து மூன்று எடுத்தோம். பெரிய சீட்டுகள் தாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன; இனி வேண்டியது நாளைக்குச் செய்யக்கூடிய காரியம். அதைச் சொல்ல மைனர் போதும்.

வந்தவை: வாள் ராணி, கோப்பை ஐந்து, நாணயம் பத்து.

இங்கேதான் நான் தவறினேன். வாள் ராணி வாளை நிமிர்த்திப் பிடித்து, மறு கையை நீட்டியிருப்பவள். சுற்றி வளைக்காமல் பேசு என்று வாசித்தேன். கோப்பை ஐந்தில் கறுப்பு அங்கி போர்த்தியவர் முன்னால் கவிழ்ந்த மூன்று கோப்பைகளையே பார்க்கிறார், பின்னால் இரண்டு நிமிர்ந்தே இருக்கின்றன. எதையாவது இழந்துதான் ஆக வேண்டும், எல்லாம் போய்விடாது என்றேன். இதுவரை சரி. நாணயம் பத்தைப் பார்த்ததும், முதல் பரப்பின் நாணயம் ஆறும் நீதியும் மனதில் ஓட, கணக்கு எழுதுகிறவர் எதிரில் இருக்க, "மாமா கொடுத்ததை எல்லாம் ஒரு தாளில் கணக்காக எழுதுங்கள். கடன் வேறு, கல்யாணம் வேறு என்று உங்களுக்கே தெளிவாகும்" என்றேன். நல்ல யோசனை என்று எனக்கு அப்போது பட்டது. அவருக்கும் முகம் தெளிந்தது. கணக்கு அவருக்குத் தெரிந்த மொழி.

மூன்றாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. புதுக் கிளை திறக்கிறார்கள், இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார், மன்னிப்புக் கேட்டார். என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை. "பேசிவிட்டார், அக்கா. எதுவும் மாறவில்லை" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தும் பாரம் இறங்கவில்லை என்பதைவிட, அந்த ஐந்து மேஜர் பற்றிய என் வாசிப்புக்கு நல்ல சோதனை எதுவும் இருந்திருக்காது. போன் வந்ததும் அவர் நிம்மதியாகியிருந்தால் நான் வாசித்தது பிழை என்றுதான் எழுதியிருப்பேன்.

தை பிறந்தது. அவர் மாமா வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் கூட்டினால் மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம். அந்தத் தாளையும் கையில் கொண்டுபோனார். கொண்டுபோகச் சொல்லி நான் சொல்லவில்லை, எழுதத்தான் சொன்னேன் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கணக்கை எழுதியவர் அதைக் காட்டத்தான் செய்வார். மாமா தாளை வாங்கிப் படித்தார். "கணக்குப் பார்க்கும் அளவுக்கு நான் அன்னியமாகிவிட்டேனா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு கோயம்புத்தூர்க்காரர் பற்றிய பேச்சே எடுபடவில்லை. மகன் வேண்டாம் என்றதை அவர் தாங்கியிருப்பார் போலிருக்கிறது. தொகை எழுதிய தாளைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண் வந்து அழுதுவிட்டுப் போன இரவு நாணயம் பத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். காசுகள் பத்தும் படத்தின் மேல் வெறும் அலங்காரம்போல்தான் ஒட்டியிருக்கின்றன. படம் முழுக்க இருப்பது குடும்பம். வாசல் வளைவுக்குக் கீழே ஓர் ஆணும் பெண்ணும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு குழந்தை. முன்னால் வேலைப்பாடு மிகுந்த அங்கியில் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் வந்து நிற்பவை இரண்டு வெள்ளை நாய்கள் மட்டும். எத்தனையோ முறை பார்த்த படம். அன்று 'நாணயம்' என்ற பெயரை வாசித்தேனே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. முதலில் அந்தப் பெரியவர் அருகில் போய் உட்கார் என்று சொல்லியிருக்க வேண்டும். கணக்கைக் கூட்டு என்று சொல்லிவிட்டேன்.

எடை இருக்கிறது என்று கண்டுபிடித்தது சரி. அந்த எடை என்ன பொருளால் ஆனது என்பதில் சறுக்கினேன். இரண்டு நாணயச் சீட்டைப் பார்த்ததும் பணம் என்று முடிவு கட்டியது என் அவசரம். ஐந்து மேஜரும் பணத்தைப் பேசவில்லை. பேரரசர் சிம்மாசனத்தில் இருந்தாரே தவிர கல்லாவில் இல்லை. மேஜர் மிகுந்த பரப்பில் மைனரைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பிடிக்கலாம்; ஆனால் அது எந்தக் கதவின் கைப்பிடி என்பதைப் பெரிய சீட்டுகளிடம் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் அவர் மறுபடி வந்தார். கேள்வி எதுவும் கொண்டுவரவில்லை. கட்டை எடுக்கவும் இல்லை. மோர் குடித்துக்கொண்டே சொன்னார். பங்குனியில் மாமாவுக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கிறது. இவர் கடையில் விடுப்புப் போட்டுவிட்டு நான்கு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்து, சொட்டு மருந்து விட்டு, அத்தைக்குச் சமையலும் செய்து கொடுத்திருக்கிறார். கல்யாணம் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரித்த அன்று மாமா, "அந்தப் பையன் எந்த ஊர் என்று சொன்னாய்?" என்று மட்டும் கேட்டாராம். இவர் ஊரைச் சொல்லியிருக்கிறார். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைக் கையில் எடுத்துவிட்டார்.

அதற்கு மேல் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. தாள் எங்கே என்று கேட்டேன். அத்தை அதைக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்து ஈரமாக்கிவிட்டாராம், வேண்டுமென்றா தற்செயலாகவா என்று தெரியவில்லை. கோயம்புத்தூர்க்காரர் இப்போது தினமும் இரவு ஒன்பதரைக்குப் பேசுகிறாராம்; சில நாள் இவருக்குத்தான் எடுக்க நேரமிருப்பதில்லை.